பகிரப்பட்டு வந்த வேலை விளம்பரமும் முதல் செய்தியும்

டர்பனில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தால், அதில் போடும் வாட்ஸ்அப் எண் உள்ள கைபேசி என் மேசையில்தான் இருக்கும். வேலை தேடுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன். பாதிப் பேர் "ஹாய்" என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மீதிப் பேர் ஒரு வார்த்தையும் இல்லாமல் கோப்பை அனுப்பிவிடுகிறார்கள். கோப்பின் பெயர் CV.pdf. அதே பெயரில் இருபது கோப்புகள் வந்து விழுந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

போன மாதம் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியோடு ஓடி வந்தான். "அக்கா, புராஸ்பெக்டனில் கிடங்கு எழுத்தர் வேலை இருக்கிறதாம், இப்போதே அனுப்பப் போகிறேன்" என்றான். விளம்பரத்தின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். தேதி இல்லை, நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு கைபேசி எண் மட்டும் இருந்தது. அவனுடைய கோப்பைத் திறந்தேன். பதினொரு பக்கம். அடையாள அட்டையின் நகல், மெட்ரிக் சான்றிதழ், வீட்டு முகவரி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

எனக்குப் பதறிவிட்டது. நம் நாட்டு அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்று காட்டுபவை. அந்த எண்ணோடு அட்டையின் நகலும் முகவரியும் ஒருவன் கையில் கிடைத்தால், உங்கள் பெயரில் கடனுக்குப் பொருள் வாங்கப் பார்ப்பான். அனுப்பியதை அழித்துவிடலாம் என்று பையன் சொன்னான். சில நாள் கழிந்தால் எதிராளியின் கைபேசியிலிருந்து அழிக்க முடியாது. அதற்குள் அழித்தாலும், அவன் இறக்கி வைத்துக்கொண்ட கோப்பு அவனிடமே இருக்கும்.

அதற்காக, முதலில் கேள்வி மட்டும் கேளுங்கள், பதில் வந்த பிறகு கோப்பை அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். நூறு செய்தி பார்க்கிற எனக்கு ஒவ்வொருவரிடமும் கோப்பு கேட்டு எழுத நேரம் இல்லை. முதல் செய்தியிலேயே கோப்பு வரட்டும். அது யார் கையில் சிக்கினாலும் கெடுதல் வராத கோப்பாக இருக்கட்டும். பையனின் பதினொரு பக்கத்தை இரண்டாக்கினோம். அடையாள எண்ணையும் நகல்களையும் எடுத்தோம். முகவரிக்குப் பதில் "சாட்ஸ்வொர்த், டர்பன்" என்று போட்டோம். கோப்புக்கு அவன் பெயரையும் வேலையின் பெயரையும் சேர்த்து வைத்தோம்.

செய்தியைத் தனியாக அனுப்பாமல், கோப்பை இணைக்கும்போது கீழே எழுத வரும் இடத்தில் எழுதச் சொன்னேன். கோப்பை நான் மேலாளருக்கு அனுப்பும்போது அந்த வரிகளும் சேர்ந்து போகும். தனியாக வந்த செய்தி என் கைபேசியிலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் அவன் எழுதியதன் தமிழ் இது:

"வணக்கம். புராஸ்பெக்டன் கிடங்கு எழுத்தர் வேலைக்கான உங்கள் விளம்பரம் இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் சரக்கு எண்ணிப் பதியும் வேலை பார்த்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், இரவு ஷிப்டுக்கும் வர முடியும். என் விவரக் குறிப்பு இத்துடன் இருக்கிறது. இடம் இன்னும் காலியாக இருக்கிறதா? எந்த நிறுவனம், நேர்காணல் எங்கே என்று தெரிவித்தால் சான்றிதழ்களை நேரில் கொண்டுவருகிறேன். நன்றி." கடைசியில் பெயர்.

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். உண்மையான நிறுவனம் என்றால் பெயர் சொல்வதில் தயக்கம் இருக்காது. எங்களிடம் யாராவது கேட்டால் பெயரையும் 031 என்று தொடங்கும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் உடனே கொடுத்துவிடுவேன்.

பையனுக்குப் பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை. "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், மருத்துவப் பரிசோதனைக்கு 450 ரேண்ட் இன்றே அனுப்புங்கள், அடையாள அட்டையின் படமும் வேண்டும்" என்று இருந்தது. நேர்காணல் இல்லாமல் தேர்வு! வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. பரிசோதனை, சீருடை, பயிற்சி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த எண்ணைப் புகார் செய்துவிட்டுத் தடுத்தான். எதிராளியிடம் போனது அவன் பெயரும் கைபேசி எண்ணும் முன்பு பார்த்த வேலைகளும்தான். அட்டையின் நகல் அவன் அம்மாவின் அலமாரியிலேயே இருக்கிறது. அன்று இரவே அதே செய்தியில் வேலையின் பெயரையும் இடத்தையும் மாற்றி, ஜேக்கப்ஸில் இருக்கும் இன்னொரு கிடங்குக்கு அனுப்பினான். மறுநாள் காலை நிறுவனத்தின் பெயரோடும் அலுவலக எண்ணோடும் பதில் வந்திருந்தது.