கிடங்கு வாசலில் இருக்கும் வேலையைப் பற்றி

வேளாண்மையோ உணவுத் தொழில்நுட்பமோ படித்துவிட்டு, வயலில் இறங்க விருப்பமில்லை என்று சொல்பவர்களுக்கு உரம், பூச்சிமருந்து விற்கும் வேலையைத்தான் பலரும் கைகாட்டுகிறார்கள். தானியக் கொள்முதலில் தரம் பார்க்கும் வேலையை யாரும் சொல்வதில்லை. மாவு ஆலை, தீவன ஆலை, ஸ்டார்ச் ஆலை என்று தானியம் வாங்கும் இடமெல்லாம் இந்த ஆள் தேவை.

மக்காச்சோள லாரி ஒன்று வந்து நிற்கிறது. மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும், ஈரமான சரக்கு அடியில் கிடக்கும். அதனால் ஐந்தாறு இடங்களில் குத்தூசியை அடிவரை இறக்கி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரியைக் குறைக்க வேண்டும். மாதிரி தப்பானால் அதன்பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்துப் பார்த்தும் பயனில்லை.

அடுத்தது ஈரப்பதம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 20 டன் சரக்கு 18 சதவீத ஈரத்தோடு வருகிறது, 14-க்குக் காயவைக்க வேண்டும். நான்கு சதவீதம்தானே குறைகிறது, 800 கிலோ போகும் என்று கணக்கு எழுதிவிடுவார்கள். தண்ணீரை விட்டுவிட்டு உலர்பொருளைப் பிடித்துக் கணக்குப் போடுங்கள். 20 டன்னில் 82 சதவீதம், அதாவது 16.4 டன், உலர்பொருள். காய்ந்தபின் அதுவே மொத்த எடையில் 86 சதவீதம். 16.4-ஐ 0.86-ஆல் வகுத்தால் 19.07 டன். குறைவது சுமார் 930 கிலோ. ஒரு லாரிக்கு 130 கிலோ வித்தியாசம், நூறு லாரிக்கு 13 டன். இருப்பு எடுக்கும் நாளில் இது திருட்டு மாதிரித் தெரியும். கிடங்கில் இருக்கும் தொழிலாளிகள் மேல் பழி விழும். இந்தக் கணக்கு தெரியாமல் யாரும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உலர்த்தியிலிருந்து சூடாக வெளிவரும் தானியத்தை உடனே மீட்டரில் வைத்து 14 காட்டுகிறது என்று நம்பவும் கூடாது. மேற்பரப்பு காய்ந்திருக்கும், மணியின் நடுவில் ஈரம் நிற்கும். சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பார்த்தால் அளவு ஏறியிருக்கும். அப்படியே குவித்துவிட்டால் குவியலுக்குள் ஓரிடத்தில் சூடு பிடிக்கும், புளித்த வாடை வரும், பூஞ்சை வரும். மீட்டரையும் அவ்வப்போது அடுப்பில் உலர்த்தி எடைபார்க்கும் முறையோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். பயிருக்குப் பயிர் அமைப்பை மாற்றாமல் விட்டாலும் தப்பான எண்தான் வரும்.

அறுவடைக் காலத்தில் இரவு பகல் பாராமல் லாரி வரும், தூசி அதிகம். லாரியைத் திருப்பி அனுப்பினால் வாக்குவாதமும் வரும். அப்போது விற்க வந்தவர் எதிரிலேயே மாதிரியை எடுத்து, அதில் ஒரு பங்கை இருவர் கையெழுத்தோடு முத்திரை வைத்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

இரண்டு மூன்று பருவம் இதைச் செய்தவருக்கு எந்தச் சரக்கு எவ்வளவு நாள் தாங்கும், எவ்வளவு எடை இழக்கும், அதற்கு விலையில் எவ்வளவு பிடிக்கலாம் என்பது கைவந்துவிடும். கொள்முதல் மேலாளரும் கிடங்கு மேலாளரும் நாள்தோறும் போடுவது இதே கணக்கைத்தான்.