மங்கலாக எரிந்த எல்இடிக்குத்தான் முதலிடம் கிடைத்திருக்க வேண்டும்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் வந்தாலே எனக்கு ஒரு வேலை வந்துவிடும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் கண்காட்சி நடத்தி, மாணவர்களின் மாதிரிகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். இயற்பியல் ஆசிரியர் என்பதால் அவற்றை வரிசைப்படுத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுப்பார்கள். படைப்பாற்றலுக்குப் பத்து, செயல்படும் மாதிரிக்குப் பத்து, விளக்கத் தெளிவுக்குப் பத்து. கூட்டிப் போட்டு முதல் மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களாகச் செய்கிறேன். போன முறை தப்பாகச் செய்தேன் என்பது முடிவு அறிவித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

வந்தது 38 படங்கள். நான் முதலிடம் கொடுத்தது ஒரு தெர்மாகோல் நகரத்துக்கு. சாலை, பூங்கா, கூரைகளில் சோலார் பேனல், தெருவெல்லாம் விளக்கு. படம் அவ்வளவு அழகு. படைப்பாற்றல் 9, செயல்பாடு 7, தெளிவு 9, மொத்தம் 25. அதே தொகுப்பில் ஓர் எலுமிச்சை மின்கலப் படமும் இருந்தது. ஒரு பழைய மேஜை, நாலு எலுமிச்சம்பழம், பக்கத்தில் மல்டிமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு கை எல்இடியைச் சுற்றிக் குவிந்திருந்தது. எல்இடி எரிகிறதா இல்லையா என்றே சட்டென்று தெரியவில்லை. 'எலுமிச்சை மின்கலம், எத்தனை தடவை பார்த்தாச்சு' என்று 4, 6, 6 போட்டு 16-க்கு ஒதுக்கிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வேறு காரணத்துக்காக அந்தப் படங்களை மறுபடி திறந்தபோது, அந்தக் கை ஏன் அப்படிக் குவிந்திருக்கிறது என்று யோசித்தேன். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் ஒயராகப் பின்தொடர்ந்து போனேன்.

ஒரு எலுமிச்சையில் செம்புக் கம்பி ஒன்றும் துத்தநாகம் பூசிய ஜிஐ ஆணி ஒன்றும் குத்தினால் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். ஆக ஒரு பழத்தால் எதுவும் எரியாது. மூன்று நாலு பழத்தைத் தொடராக இணைத்தால் சிவப்பு எரியும். அப்போதும் பழத்தின் உள்தடை மிக அதிகம் என்பதால் ஓடுகிற மின்னோட்டம் சொற்பம். ஒளி மினுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தால் அணைந்தது போலவே தெரியும். அந்தப் பிள்ளை கையைக் குவித்தது நிழல் உண்டாக்க. உள்ளங்கையில் விழுந்திருந்த செம்மையைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன்.

அதே 38-இல் இன்னோர் எலுமிச்சைப் படமும் இருந்தது. ஒரே ஒரு பழம், அதன்மேல் வெள்ளை எல்இடி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குச் செயல்பாட்டில் 8 போட்டிருக்கிறேன்! ஒரு பழத்தால் அது முடியவே முடியாது. பழத்துக்கு அடியில் ஒரு பட்டன் செல் இருந்திருக்க வேண்டும். பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். பார்க்க வருகிறவர்களுக்கு எரிந்து காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி பெரியவர்களிடமிருந்துதான் வந்திருக்கும். ஆனால் நான் செய்தது என்ன? உண்மையாக வேலை செய்த மாதிரி மங்கலாக இருந்ததால் 6, வேலை செய்யாத ஒன்று பளிச்சென்று இருந்ததால் 8. புகைப்படத்தை வைத்து வரிசைப்படுத்தும்போது நாம் விழுகிற குழி இதுதான். மாதிரி வேலை செய்கிறதா என்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, படத்தில் எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்க்கிறோம்.

சரி, படத்தில் எப்படித்தான் கண்டுபிடிப்பது? அந்த நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். பென்சிலில் இரண்டு அளவு எழுதியிருந்தது. எல்இடி இணைக்கும் முன் 3.6 வோல்ட், இணைத்த பின் 1.8 வோல்ட். நாலு பழத்துக்கு 3.6 என்பது கணக்குக்குப் பொருந்துகிறது. எல்இடியை மாட்டியதும் பாதியாக விழுவதும் பொருந்துகிறது. உள்தடை அதிகமுள்ள கலத்தில் சுமை ஏற்றினால் அப்படித்தான் விழும். பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவர் இரண்டாவது எண்ணை எழுதவே மாட்டார். ஒயரையும் பாருங்கள். ஒரு பழத்தின் செம்பிலிருந்து அடுத்த பழத்தின் ஆணிக்குப் போகிறது, நாலிலும் மாறாமல். எங்காவது ஆணியிலிருந்து ஆணிக்குப் போயிருந்தால் அந்தப் பழம் மற்றதற்கு எதிராகத் திரும்பி, அளவு பாதியாகியிருக்கும். இதையெல்லாம் படத்திலேயே பார்த்துச் சொல்லிவிடலாம், பொறுமை இருந்தால்.

இதே மாதிரிதான் சிரிஞ்ச் ஜேசிபி. எந்தக் கண்காட்சியிலும் ஒன்றாவது இருக்கும். ட்யூபில் கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு சிரிஞ்சை அழுத்தினால் இன்னொன்று எழும்பிக் கையைத் தூக்கும். ஒரே அளவு சிரிஞ்ச் இரண்டு என்றால், ஒன்று உள்ளே போன அளவுக்கு மற்றது வெளியே வந்திருக்க வேண்டும், தண்ணீர் வேறெங்கே போகும்? எனக்கு வந்த படத்தில் ஜேசிபியின் கை தூக்கியிருந்தது, ஆனால் இரண்டு பிஸ்டனும் உள்ளே இருந்தன. ட்யூபின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் காற்று. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதனால் அழுத்துகிற தூரத்தில் ஒரு பகுதி காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். அதற்கு 7 போட்டிருந்தேன். அது ஏதோ முட்டுக்கொடுத்து நிறுத்திய கை.

இன்னொரு தப்பு கூட்டலில் இருந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூன்றுக்கும் பத்துப் பத்து என்றால் மூன்றுக்கும் சம மதிப்பு என்றுதான் நினைப்போம். என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். செயல்பாட்டுக்கு நான் போட்டதெல்லாம் 6, 7, 8 மட்டும்தான். படத்தில் உறுதியாகத் தெரியாததால் யாருக்கும் அநியாயம் செய்ய வேண்டாமென்று நடுவில் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். படைப்பாற்றலுக்கோ 3 முதல் 10 வரை தாராளமாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கொடுத்த தலைப்பு வரிசையைப் பெரிதாக மாற்றாது. யார் முன்னே, யார் பின்னே என்பதை முடிவு செய்வது எந்தத் தலைப்பில் இடைவெளி அதிகமோ அதுதான். தாளில் பத்து மதிப்பெண் இருந்தும் 'செயல்படும் மாதிரி' என்ற தலைப்பு என் போட்டியில் இல்லாத மாதிரிதான். அதனால்தான் தெர்மாகோல் ஜெயித்தது.

இப்போது செயல்பாட்டுக்கு நாலே படி வைத்திருக்கிறேன். இயங்கியதற்கான தடயம் எதுவும் இல்லையென்றால் 0. பாகங்களும் இணைப்புகளும் சரியாக இருந்து, இயக்கம் தெரியவில்லையென்றால் 3. இயங்கும் நிலை படத்தில் தெரிந்து, அது கணக்குக்கும் பொருந்தினால் 6. கூடவே அளந்த எண்களும் இருந்தால் 10. நடுவில் 7, 8 என்று பதுங்க இடமில்லை.

அந்தப் படியை வைத்துப் பழைய மூன்றையும் மறுபடி திருத்தினேன். தெர்மாகோல் நகரத்தில் பேனலிலிருந்து வந்த ஒயர் ஒரு இன்ச் ஓடித் தெர்மாகோலுக்குள் மறைந்துவிட்டது. விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தடயமே இல்லை. 0. ஜேசிபிக்கு 3. நாலு எலுமிச்சைக்கு 10.

தெளிவு என்ற தலைப்பிலும் நான் சார்ட்டின் எழுத்தழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பளிச்சென்று எரிந்த ஒற்றைப் பழத்தின் சார்ட்டில் வண்ண எழுத்தில் 'எலுமிச்சையில் மின்சாரம் உள்ளது' என்றிருந்தது. அழகாக எழுதிய தவறு. நாலு பழ நோட்டில் கோணல் எழுத்தில் 'துத்தநாகம் கரைகிறது, சக்தி அதிலிருந்து வருகிறது, சாறு வழி மட்டும்' என்று இருந்தது. அதுதான் விஷயம். ஆணியின் துத்தநாகம் அமிலத்தில் கரைவதில்தான் ஆற்றல் வெளிப்படுகிறது, பழம் மின்பகுளி மட்டுமே. தெளிவு என்றால் எது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பவருக்குப் பிசகில்லாமல் புரிவது. அதற்கு நான் முதலில் போட்டது 6. இப்போது 8.

மிச்சம் படைப்பாற்றல். 'எத்தனை தடவை பார்த்தாச்சு' என்று 4 போட்டேன் அல்லவா? நோட்டின் அடுத்த பக்கம் படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்தது. எலுமிச்சை, புளிக்கரைசல், மோர் மூன்றிலும் அதே கம்பி, அதே ஆணி. மூன்றிலும் அளவு 0.9 பக்கத்திலேயே நின்றிருக்கிறது. கடைசி வரியில் ஜிஐ ஆணிக்குப் பதில் சாதா இரும்பு ஆணி, 0.5-க்கு இறங்கிவிட்டது. திரவத்தை மாற்றினால் பெரிதாக மாறவில்லை, உலோகத்தை மாற்றினால் மாறுகிறது! 1800-இல் வோல்ட்டா துத்தநாகத் தட்டையும் வேறோர் உலோகத் தட்டையும், நடுவே உப்பு நீரில் நனைத்த துணியுமாக அடுக்கியதற்குப் பின்னால் இருந்த கேள்வியும் இதைப் போன்றதுதான், மின்சாரம் வருவது உலோகத்தாலா அல்லது உயிரினத்தின் உடலிலிருந்தா என்று. பொருள் பழசாக இருக்கலாம், அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி அந்த 38-இல் வேறு எதிலும் இல்லை. 8 போட்டேன். மொத்தம் 26.

முடிவு அறிவித்தாகிவிட்டது, சான்றிதழும் போய்விட்டது. அந்தப் பள்ளியின் ஆசிரியருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளையிடமும் சொல்லச் சொன்னேன். எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த வருஷம் நான் பார்க்கும் முறையை மாற்றியிருக்கிறேன். ஒரு படத்துக்கு மூன்று மதிப்பெண்ணும் ஒரே மூச்சில் போடுவதில்லை. அப்படிப் போட்டால் முதல் பார்வையில் பிடித்துப்போன படத்துக்கு எல்லாத் தலைப்பிலும் கை தாராளமாகிவிடுகிறது. எல்லாப் படத்துக்கும் செயல்பாடு மட்டும் ஒரு சுற்று. மறுநாள் தெளிவு. படைப்பாற்றல் கடைசியில்தான். முதல் ஐந்தில் நெருங்கி வருபவற்றை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிறேன்.

இவ்வளவு செய்தாலும் படத்தால் முடியாதவை உண்டு. தண்ணீர் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் அலாரத்தைப் படத்தில் கேட்க முடியாது. அந்த மாதிரி வந்தால் பத்து வினாடி வீடியோ கேட்டு வாங்கிவிடுகிறேன்.

படம் அனுப்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதிரிக்கு மூன்று படம் அனுப்புங்கள். முழு மாதிரி ஒன்று, இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று, அட்டையைத் திருப்பி அடிப்பக்கம் ஒயர் தெரியும்படி ஒன்று. பிள்ளைகளின் முகமும் பள்ளிப் பெயரும் வேண்டாம், கை தெரிந்தால் போதும். அளவு எழுதிய நோட்டு அழுக்காக இருந்தாலும் அப்படியே வையுங்கள், சார்ட்டில் அழகாக மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். ஒளி மங்கலாக இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு எடுங்கள்.