ஆறடிப் பட்டையும் ஒரு கன்னி மூலையும்

கட்டடக் கலைஞர்கள் ‘பார்த்தி’ என்று வழங்கும் பிரெஞ்சுச் சொல், பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து அதன் பக்கம் நிற்பதைக் குறிக்கும். பாரிஸின் பழைய நுண்கலைக் கல்லூரியில் போட்டிக்கு வரும் மாணவர், தனியறையில் 12 மணி நேரத்துக்குள் அடிப்படை வரைவைக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. பிறகு எத்தனை நாள் உழைத்து வளர்த்தாலும் அதிலிருந்து விலகினால் போட்டியில் இடமிருக்கவில்லை. அந்தக் கண்டிப்பு சிறிய வீடுகளுக்கே அதிகம் தேவை என்று நான் நம்புகிறேன்.

காட்பாடியில் வடக்குப் பார்த்த ஒரு மனை. கட்டக்கூடிய அகலம் 22 அடி. மேற்கே காலி நிலம் என்பதால், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையின் மாலை வெயில் முழுவதும் அந்த நீண்ட சுவரில்தான் விழும். வீட்டின் மூலக் கருத்தாக நான் வரைந்த பார்த்தி மிக எளியது: மேற்கே ஒரு தடித்த பட்டை, அதன் கிழக்கே வரிசையாகச் சில கட்டங்கள். பட்டை 6 அடி அகலம். மாடிப்படி, குளியலறை, கழிப்பறை, சாமான் அறை என்று ஆள் நெடுநேரம் தங்காத இடங்கள் எல்லாம் அதற்குள் அடங்கி, வெயிலைத் தாங்கிக்கொள்ளும். சுவர்கள் போக, வாழும் அறைகளுக்குக் கிட்டத்தட்ட 13¾ அடி கிடைத்தது.

கூடத்தின் நடுவே அகலமான படிக்கட்டு வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். படத்தைக் காட்டினேன், படி பட்டைக்குள் போயிற்று. ஒவ்வொரு படிவரிசையும் 2¾ அடி அகலம்தான், கட்டிலைக் கழற்றித்தான் மேலே ஏற்ற வேண்டும். அந்த இழப்பை அவர் தெரிந்தே ஏற்றார். மாடிக் கழிப்பறையும் அதே பட்டையில் கீழுள்ளதன் நேர்மேலே அமைந்ததால், குழாய்கள் ஒரே சுவரில் இறங்கின.

உண்மையான சோதனை அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. “கன்னி மூலையில படுக்கையறை இல்லாம எப்படிப்பா?” என்று கேட்டார். முதலில் நான் இணங்கி, அறையைத் தென்மேற்கு மூலைக்கு நகர்த்தி, கழிப்பறையைக் கிழக்குக்குத் தள்ளினேன். உடனே சாப்பாட்டு அறை தன் கிழக்கு ஜன்னலை இழந்தது. குழாய்கள் இரண்டு சுவர்களுக்குப் பிரிந்தன. படுக்கையறைச் சுவர் மாலை வெயிலில் நேராக நின்றது. ஒரு மாற்றம் மூன்று அறைகளைக் கலைக்கிறது என்றால், மீறப்பட்டது அளவன்று, கருத்து என்று அப்போது புரிந்தது.

ஆகவே கழிப்பறையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, தென்கோடியில் மட்டும் பட்டையை 2 அடியாக மெலித்து, ஜன்னல் இல்லாத முழுநீள அலமாரியாக்கினேன். அதை ஒட்டி, தெற்கே ஜன்னல் வைத்து, 10 அடி அகலப் படுக்கையறை. அதற்குக் கிழக்கே, அம்மா விரும்பியபடியே அக்னி மூலையில், 7¾ அடிச் சமையலறை. பட்டை மெலிந்தாலும் அறுபடவில்லை.

திட்டம் முடிந்தபின் விளக்கக் கூட்டத்துக்காக வரையப்படும் அழகிய படங்களைப் பார்த்தி என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்காரர் கேட்கும் புதிய கேள்விக்குப் பார்த்தி ‘ஆம்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்ல வேண்டும். மனை 15 அடிதான் என்றால் இந்தப் பட்டையே அறைகளை விழுங்கிவிடும். அங்கே வேறொரு கருத்தைத்தான் தேட வேண்டும்.