முதல் நாள் விட்டால் போதாது

“அஸ்பிரின் சில மணித்தியாலத்தில் இரத்தத்தில் இருந்து போய்விடும் என்றால், பல் பிடுங்க முதல் நாள் மட்டும் விட்டால் போதாதா?”

போதாது. அந்தச் சின்ன 75 மில்லிகிராம் குளிசை, போகமுதலே இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்ட உதவும் காக்ஸ்-1 நொதியத்தில் ஓர் அசற்றைல் துண்டை ஒட்டிவிடுகிறது. அது பிறகு கழலாது. மற்றக் கலங்கள் புது நொதியம் செய்துகொள்ளும்; சிறுதட்டுக்குக் கருவே இல்லை. சாகும்வரை, 8 முதல் 10 நாள், அப்படியே சுற்றும். என்பு மச்சை நாளுக்குப் பத்தில் ஒரு பங்குதான் புதிதாக அனுப்பும்.

எங்கள் அம்மம்மா ஒரு நாள் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் பல் பிடுங்கினார். ஒரு மணித்தியாலம் பஞ்சைக் கடித்தும் கசிந்தது. பத்தில் ஒன்பது சிறுதட்டு பழையதுதானே. ஆனால் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. அதில் இரத்தம் உறையாமல் காக்கும் குளிசையை நிறுத்தியதற்குத்தான் வைத்தியர் ஏசினார், கசிவுக்கு ஒரு தையல் போதுமாம்.