30 பங்கு வச்சா பாதுகாப்பா? உண்மை விளக்கம்

“30 பங்குல பிரிச்சுப் போடுங்க, மார்க்கெட் விழுந்தாலும் ஒண்ணு போனா இன்னொண்ணு தூக்கிடும்” – நாகர்கோவில், மார்த்தாண்டம் குரூப்ல சுத்துற மெசேஜ்.

தப்புங்க. 2020 மார்ச் 23 அன்னிக்கு நிஃப்டி ஒரே நாள்ல சுமார் 13% விழுந்துச்சு, பேங்க், ஐடி, ஏன் மருந்து, எஃப்எம்சிஜி கூட சேந்துதான் விழுந்துச்சு, என்எஸ்இ சைட்ல பழைய இன்டெக்ஸ் டேட்டாவ எடுத்துப் பாத்துக்கலாம். காரணம், கடன்ல வாங்குன பங்குக்கு புரோக்கர் கேக்குற மார்ஜின் பணத்தக் கட்டவும் பணம் எடுக்கவும் ஓடுறவங்க கம்பெனி நல்லதா கெட்டதான்னு பாக்கமாட்டாங்க, எது விக்குமோ அத வித்துருவாங்க.

கணக்கு இதுதான்: ஒவ்வொரு பங்கோட ஏற்ற இறக்கமும் 30%, பங்குகள் எவ்வளவு தூரம் ஒண்ணா ஏறி இறங்குதுன்னு சொல்ற கோரிலேஷன் சாதாரண நாள்ல 0.3ன்னா 30 பங்குக்கும் சேத்து ஏற்ற இறக்கம் 17% ஆகும், மார்க்கெட் விழுறப்ப கோரிலேஷன் 0.9 ஆனா 28.5%, அதாவது 30 பங்கும் ஏறக்குறைய ஒரே பங்கு மாதிரிதான். (சாதாரண நாள்லயே அந்த 30 பங்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு பங்குக்குத்தான் சமம்!) ஒரு கம்பெனி மட்டும் திவாலானா பிரிச்சது உதவும், அது வேற. இந்த மெசேஜ இனி யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.