பழம் சேர்க்காத காபியில் பழத்தின் பெயர்

தருமபுரியில் காபித் தூள் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், பெங்களூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் காபி பாக்கெட்டுகளைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். "மாமா, இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க, கடையில ஒட்டி வைக்கணும்" என்பார். இப்படிப்பட்ட அட்டைகளின் தமிழாக்கம் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடுகிறது என்பது என் கருத்து. ஒன்று, சொல்லுக்குச் சொல் மாற்றி யாருக்கும் புரியாமல் போகிறது. அல்லது "நறுமணமும் சுவையும் மிக்க உயர்தரக் காபி" என்று எல்லாக் காபிக்கும் பொருந்தும்படி மழுங்கிவிடுகிறது. இரண்டாவதைத்தான் நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன், ஏனென்றால் அதில் தவறு இருப்பதே வாசிப்பவருக்குத் தெரியாது.

அண்மையில் வந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இருந்த வரிகளை ஒலிப்படி தருகிறேன்: எத்தியோப்பியா இர்காசெஃப், கெடியோ, 1,950–2,100 மீட்டர், ஏர்லூம், வாஷ்டு, லைட் ரோஸ்ட், ஜாஸ்மின், பர்கமாட், ஸ்டோன் ஃப்ரூட், பிளாக் டீ, பிரைட் அசிடிட்டி. பாக்கெட்டின் கீழ் மடிப்பில் வெளிச்சம் பட்டு ஒரு பகுதி வெளுத்திருந்ததால், அந்த இடத்தை ஊகிக்காமல் வேறு கோணத்தில் இன்னொரு படம் கேட்டேன். அதில்தான் வரிசையாக ஐந்து காபிக் கொட்டைகள் வரைந்து, முதல் ஒன்றில் மட்டும் நிறம் நிரப்பியிருப்பது தெரிந்தது. வறுப்பின் அளவை எழுத்தில் சொல்லாமல் இப்படிப் படமாக மட்டும் காட்டும் பாக்கெட்டுகளும் உண்டு. எழுத்தை மட்டும் படித்து மொழிபெயர்ப்பவர் அந்தத் தகவலையே விட்டுவிடுவார்.

விளைந்த இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இர்காசெஃப் தெற்கு எத்தியோப்பியாவில் கெடியோ பகுதியைச் சேர்ந்த ஊர், கெடியோ அதைச் சுற்றிய வட்டாரம். இரண்டையும் ஒலிப்படியே எழுதினால் போதும். உயரத்தை எண்ணாகவே வைத்து, நமக்குப் பக்கத்தில் உள்ள ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் என்று வாயால் சொன்னால், எவ்வளவு மேலே விளைந்தது என்பது உடனே பிடிபடும். ஏர்லூம் என்பதைப் பரம்பரைச் சொத்து என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தியோப்பியக் காபியில் அந்தச் சொல், தனித்தனியே பெயரிட்டுப் பிரிக்காத உள்ளூர் ரகங்களின் கலவையைக் குறிப்பதால், "நாட்டு ரகங்கள்" என்றால் நம் விவசாயிக்கும் விளங்கும். வாஷ்டு என்பதைக் "கழுவிய" என்று எழுதினால், மற்ற காபியெல்லாம் கழுவாததோ என்ற ஐயம் வரும். பழத்தின் தோலை நீக்கி, வழுவழுப்பான சதை நொதித்து விடுபட்டபின் நீரில் அலசி உலர்த்தும் முறை அது. நம் கடைகளில் பிளாண்டேஷன் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அராபிகாவும் இதே முறையில் பதப்படுத்தியதுதான். பழத்தோடு காயவைத்ததைச் செரி என்பார்கள். ஆகவே இந்தியக் காபி பாக்கெட்டில் செரி என்று கண்டால், அது தரப்பெயர் வரியில் இருக்கிறதா, சுவை வரியில் இருக்கிறதா என்று பார்க்காமல் பழத்தின் பெயரை எழுதிவிடக் கூடாது.

லைட் ரோஸ்ட் என்பதை "லேசான காபி" என்று எழுதினால், டிகாஷன் நீர்த்துப் போகும் என்றே நம் ஊரில் நினைப்பார்கள். லைட் என்பது கொட்டையை வறுத்த அளவைச் சொல்கிறதே தவிர, கோப்பையின் அடர்த்தியைச் சொல்லவில்லை. நான் இளவறுப்பு, நடுவறுப்பு, அடர்வறுப்பு என்று எழுதுகிறேன். டார்க் ரோஸ்டைக் "கருக வறுத்தது" என்று எழுதினால் தீய்ந்துபோன சரக்கு என்று பொருளாகிவிடும். பிரெஞ்சு ரோஸ்ட் என்று போட்டிருந்தால் அதுவும் மிக அடர்ந்த வறுப்பின் பெயர்தான். விளைந்த நாட்டின் வரியில் பிரான்சை எழுதிவிடக் கூடாது.

இனிச் சுவை வரிக்கு வருகிறேன். உழைப்பு முழுவதும் இங்கேதான். படத்தில் பெயர்கள் மட்டுமே இருந்தன, "இவற்றை நினைவூட்டும்" என்ற முன்குறிப்பு இல்லை. அப்படியே தமிழில் வரிசையாக எழுதினால், மல்லிகைப்பூவும் பழச்சாறும் கலந்த தூள் என்று வாசிப்பவர் எண்ணுவார், கலப்படம் என்று சண்டைக்கும் வரலாம். எனவே பின்பக்கப் படத்தையும் வாங்கிப் பார்த்தேன். சேர்மானப் பகுதியில் அராபிகா காபி மட்டுமே இருந்தது, சுவையூட்டி எதுவும் இல்லை. அதன் பிறகே "கோப்பையில் உணரக்கூடியவை" என்ற தலைப்பை நானாகச் சேர்த்தேன். பாக்கெட்டில் இல்லாத தலைப்பாக நானாகச் சேர்த்தது அந்த ஒன்று மட்டும்தான், அதற்கு நியாயம் உண்டு.

ஜாஸ்மினுக்கு மல்லி என்று சுருக்கி எழுதியிருந்தால் எங்கள் பக்கத்தில் கதையே வேறு. தருமபுரியில் மல்லி என்றால் கொத்தமல்லியும்தான், சுக்கு மல்லி காபி தெரியாத வீடும் இல்லை. ஆகவே மல்லிகைப்பூ என்று முழுதாகவே எழுத வேண்டும். ஸ்டோன் ஃப்ரூட்டைக் கல் பழம் என்பது நகைப்புக்குரியது. உள்ளே கெட்டியான ஒற்றைக் கொட்டையுள்ள பழங்கள் என்ற பொருளில், காபி சுவைப்பவர்கள் பீச், பிளம்ஸ், ஆப்ரிகாட் ஆகியவற்றையே குறிக்கிறார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு உடனே நாவூறும் என்பதற்காக மாம்பழம் என்று மாற்ற எனக்கும் ஆசை வந்தது. மாம்பழமும் ஒற்றைக் கொட்டைப் பழமே என்று வாதாடவும் முடியும். ஆனால் மாம்பழத்தின் கனத்த இனிப்பு வேறு, பீச்சின் நீர்த்த இனிப்பும் தோலோரப் புளிப்பும் வேறு. வாங்கியவர் மாம்பழத்தைத் தேடி ஏமாறுவார். பர்கமாட்டைப் பெயர் மாற்றாமல் விட்டு, எலுமிச்சை இனம் என்ற குறிப்பையும், தோலைக் கிள்ளினால் எழும் வாசனை என்ற விளக்கத்தையும் சேர்த்தேன். பிளாக் டீக்குத் தமிழில் துவர்ப்பு என்ற சொல்லே கையில் இருக்கிறது. பிரைட் அசிடிட்டியைப் "பிரகாசமான அமிலத்தன்மை" என்று எழுதினால் நெஞ்செரிச்சல் மாத்திரைதான் நினைவுக்கு வரும். அங்கே சொல்லப்படுவது பழத்தின் புளிப்பு, அதுவும் மந்தமாக இல்லாமல் சுள்ளென்று தெரியும் புளிப்பு.

இறுதியில் சீட்டு இப்படி அமைந்தது:

எத்தியோப்பியா, கெடியோ வட்டாரம், இர்காசெஃப். 1,950–2,100 மீட்டர் உயரத்தில் விளைந்த நாட்டு ரகங்கள். சதை நீக்கி, நீரில் அலசிப் பதப்படுத்தியது. இளவறுப்பு.
கோப்பையில் உணரக்கூடியவை: மல்லிகைப்பூ மணம், பர்கமாட் என்ற எலுமிச்சை இனத்தின் தோலைக் கிள்ளினாற்போன்ற வாசனை, பீச், பிளம்ஸ் பழங்களின் இனிப்பு, பாலில்லாத டீயின் மெல்லிய துவர்ப்பு. நாக்கில் சுள்ளென்று தெரியும் பழப்புளிப்பு.

இதைப் படித்த மைத்துனர், பால் கலந்தால் இந்தக் காபி நன்றாக இராது என்பதையும் கீழே எழுதிவிடலாமே என்று கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இளவறுப்பில் புளிப்பு மிகுதியாக இருப்பதால், நாம் பழகிய டிகாஷன் அளவில் பாலைச் சேர்த்தால் புளித்தாற்போலத் தோன்றும், மல்லிகை மணமும் அமுங்கிவிடும். ஆனால் அது பாக்கெட்டில் இல்லாத செய்தி. சீட்டில் எழுதினால் தயாரித்தவர் சொன்னதாகிவிடும் என்பதால் சேர்க்க மறுத்தேன். வாங்க வருகிறவரிடம் அதை அவரே வாயால் சொல்லிக்கொள்கிறார்.