மஞ்சளா இருக்குதுங்களா? ரொம்ப சந்தோசமுங்க!

ராத்திரி 11.30 மணிக்கு, கல்யாண போட்டோ எடுக்கற அண்ணன் ஒருத்தர்கிட்ட இருந்து போன். சாப்பிட்டியா, தூங்கிட்டியான்னு ஒரு வார்த்தை இல்ல. "தம்பி, எல்லாம் மஞ்சளா இருக்குதே!"

எல்லாம்னா 1,640 போட்டோ. பெருந்துறைப் பக்கம் ஒரு மண்டபம், முந்தின நாள் சீர்ல இருந்து முகூர்த்தம் வரைக்கும், ரெண்டு கேமரா. அதுக்குக் கலர் கரெக்சன் பண்றது என் வேலை. நாலு நாள் டைம் குடுத்தா போட்டோவுக்கு 5 ரூபாய், 24 மணி நேரத்துல வேணும்னா 8 ரூபாய். ரெண்டு வருசமா இதே ரேட்டு. இந்த அண்ணனுக்கு எப்பவும் நாளைக்கே வேணும், காசு மட்டும் நாலு நாள் ரேட்டு. 13,120 வர வேண்டிய இடத்துல 8,200. பழகின மனுசன், போகட்டும்.

ஒரு போட்டோவச் சரி பண்ணி சிங்க் அமுக்கினா மிச்சமெல்லாம் தானா ஆயிரும்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும். அப்படி ஆகறதா இருந்தா நான் தோப்புல கட்டிலப் போட்டுப் படுத்திருப்பேன். ஒரே கேமரா, ஒரே வெளிச்சமா இருந்தாத்தான் அது நடக்கும். இங்க மேடையில வீடியோக்காரர் லைட்டு, பின்னால எல்.இ.டி. சுவரு, வாசல்ல காலை வெயிலு. வெளிச்சத்தோட நெறத்துக்குன்னு இருக்கற கெல்வின் அளவை ஒண்ணாவே போட்டாலும் ஒரு கேமராவுல முகம் ரோஸா வரும், இன்னொண்ணுல பச்சை அடிக்கும். அதனால வெளிச்சம் வாரியா, கேமரா வாரியா 14 கூறாப் பிரிச்சு, கூறுக்கு ஒரு போட்டோவக் கையால சரி பண்ணி, அப்புறந்தான் சிங்க்.

அந்த ஒரு போட்டோவுக்கு நம்பிக்கையான ஒரு வெள்ளை வேணுமே. "மாப்பிள்ளை வேட்டி இருக்குதே, அதுல ஐட்ராப்பர வைய்யி"ம்பாங்க. வேட்டியில சொட்டு நீலம் இருக்குதுங்களே! புது வேட்டின்னா பளிச்சுனு காட்டற கெமிக்கல் வேற. கேமராவுக்கு அது லேசா நீலமாத்தான் தெரியும். அதை வெள்ளைன்னு நம்பிக் க்ளிக் பண்ணினா, சாப்ட்வேர் நீலத்தைக் கொறைக்க மொத்தப் படத்துலயும் மஞ்சளை ஏத்திரும். பொண்ணும் மாப்பிள்ளையும் நலங்கு வெச்சு மூணு நாளாக் குளிக்காதவங்களாட்ட ஆயிருவாங்க. மேடையில லைட் மாறும்போதெல்லாம் வேற நெறம் கலக்காத சாம்பல் அட்டை, அந்த க்ரே கார்டப் பிடிச்சு ஒரே ஒரு ஷாட் எடுங்கங்ணான்னு எத்தனையோ தடவை கெஞ்சியாச்சு. "தாலி கட்டற நேரத்துல அருமைக்காரர் கையில அட்டையக் குடுக்கச் சொல்றியா?"ன்னாரு.

அதனால மஞ்சள்னதும் எனக்குப் பக்குனு ஆச்சு. நானே அசந்து வேட்டியில க்ளிக் பண்ணிட்டனோ? எந்திரிச்சு, சிஸ்டத்தப் போட்டு, மேடை ஓரம் இருந்த சுண்ணாம்புத் தூண்ல கர்சர வெச்சுப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஒண்ணு முன்ன பின்ன, அவ்வளவுதான். சரியாத்தான் இருக்குது. சொன்னேன்.

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"ன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாரு. அதுவும் என் மானிட்டர்ல சரியா இருக்குது. புத்தியுள்ளவனா இருந்தா அங்கேயே புரிஞ்சிருக்கணும். எனக்குத் தூக்கம். 14 கூறையும் தொறந்து, ஒவ்வொண்ணுலயும் கெல்வினை 500 எறக்கி, திரும்ப எக்ஸ்போர்ட் போட்டு, முடிக்கையில கோழி கூவிருச்சு. முழுசாக் கூவிருச்சுங்க.

காலையில 9 மணிக்கு போன். "தம்பி, இப்ப நீலமா இருக்குதே. பொணத்துக்கு மாலை போட்டாப்ல."

அப்பத்தான் பொறி தட்டுச்சு. "ஏனுங்ணா, போன்ல கண்ணுக்கு எதமா இருக்கட்டும்னு ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

"ஆமா, பையன் போட்டுக் குடுத்தான். சாயங்காலமானா தானா வந்துரும், விடிஞ்சா போயிரும். கண்ணுக்கு அத்தனை குளுமை."

குளுமையாம்! அந்த மஞ்சள் போட்டோவுல இல்லீங்க, அவர் போன் திரையில. அதனாலதான் ஸ்கிரீன்ஷாட்ல அது வரவே இல்ல. ஒரு ராத்திரி முழுக்க நான் திருத்தினது ஒரு செல்போன் பட்டனை.

முதல்ல அனுப்பின அதே போல்டர, பேரை மட்டும் மாத்தி அனுப்பினேன். பத்து நிமிசத்துல போன். "இதுதான் தம்பி! இதை முதல்லயே பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சமில்ல?"

ராத்திரி வேலைக்கு எவ்வளவு போடட்டுங்ணான்னு கேட்டேன். "உன் தப்ப நீ திருத்தினதுக்குமா காசு?"

சிரிச்சுட்டேன். வேற என்னங்க பண்றது. சட்டையப் போட்டுட்டு முக்கு பேக்கரிக்குப் போய் ஒரு டீயும் தேங்காப் பன்னும் சொன்னேன். பன்னைப் பிச்சா உள்ள தேங்காய் நாலு துருவல். மிச்சமெல்லாம் டூட்டி ஃப்ரூட்டி. ஏனுங்க, தேங்காப் பன்னுன்னு பேரு வெச்சுட்டு இது என்னங்க அக்கிரமம்? பொள்ளாச்சியில தேங்காய்க்குப் பஞ்சமா வந்துருச்சு?